ஒரு பொருளுக்கு ஒரு சொல்

கோவில்பட்டிக் கடைத்தெருவில் போய்க் கடலை வேண்டும் என்றால், எந்தக் கடலை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர் மிட்டாய்க்கும் கடலை மிட்டாய் என்றுதான் பெயர். அதையே சென்னையில் வேர்க்கடலை என்கிறார்கள். விழுப்புரம் பக்கம் போனால் மல்லாட்டை. மணிலாக் கொட்டை என்பாரும் உண்டு. யாழ்ப்பாணத்தில் அதற்குக் கச்சான் என்று பெயர். இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. தெரியாத சொல்லைக் கேட்டவன், "அப்படியென்றால் என்ன?" என்று கேட்டுவிடுவான். தெரிந்த சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். யாழ்ப்பாணத்தில் போய்க் கடலை என்று கேட்டுப் பாருங்கள்; கொண்டைக்கடலையை அளந்து கொடுத்துவிடுவார்கள். வாங்கியவருக்கும் சந்தேகமில்லை, கொடுத்தவருக்கும் சந்தேகமில்லை. வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் விஷயம் வெளிப்படும்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் எனக்கு எதற்கு வந்தது என்றால், நிலக்கடலை உடைக்கும் இயந்திரம் செய்து விற்கும் எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவரால் வந்தது. அவர் இயந்திரம் வடக்கே திண்டிவனம் வரை போகிறது. இலங்கைக்கும் ஒன்றிரண்டு போயிருக்கிறது. கூடவே ஒரு சிறு கைப்புத்தகம் கொடுக்க வேண்டும். "கதை எழுதுதீகள்லா அண்ணாச்சி, இதையும் எழுதிக் குடுங்க. பதினாறு பக்கந்தான்" என்றார். எழுதிவைத்திருந்த குறிப்பு ஒன்றையும் கையில் கொடுத்தார்.

அந்தக் குறிப்பில் முதல் வரி: "கடலையை உடைக்க, இயந்திரத்தை ஓடவிட்டு மேல் வாயில் கொட்டவும்." ஒன்பதாவது வரி: "கடலை உடைந்தால் உடனே இயந்திரத்தை நிறுத்தவும்."

"தம்பி, உடைப்பதற்குத்தானே இயந்திரம்? உடைந்தால் ஏன் நிறுத்த வேண்டும்?" என்றேன்.

"அது காய், இது பருப்பு அண்ணாச்சி. பாக்கிறவுகளுக்குத் தெரியாதா?" என்றார்.

எங்கள் ஊர்க்காரருக்குத் தெரியும். காயும் கடலைதான், உள்ளே இருக்கும் பருப்பும் கடலைதான், செடியும் கடலைதான் என்று பிறந்ததுமுதல் பழகியவர் அவர். இயந்திரத்தை வாங்கும் மற்றவருக்கு முதல் வரியும் ஒன்பதாவது வரியும் சண்டை போடும். அதனால் காய் என்றால் ஓட்டோடு இருப்பது, பருப்பு என்றால் உள்ளே இருப்பது, ஓடு என்றால் வெளிக்கூடு, தோல் என்றால் பருப்பின் மேலுள்ள செந்நிறச் சவ்வு என்று நான்கு சொற்களை நான்கு படங்களோடு முதல் பக்கத்திலேயே போட்டுவிடுவது என்று தீர்மானித்தோம். பொருளின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் நிலக்கடலை. வெறும் கடலை என்ற சொல் புத்தகத்தில் எங்கும் வரக்கூடாது. கடலைப்பருப்பு என்று சேர்த்தும் எழுதக்கூடாது. சமையலறையில் அது வேறு பருப்பு.

கதை எழுதுகிறவனுக்கு இது கசப்பான வேலை. ஒரே பக்கத்தில் ஒரு சொல் இரண்டு முறை வந்தால் மாற்றிப் போடச் சொல்லித்தான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். கைப்புத்தகத்தில் நேர்மாறு. மூன்றாம் பக்கத்தில் சல்லடை என்று எழுதிவிட்டு ஏழாம் பக்கத்தில் அரிப்பு என்று எழுதினால், படிப்பவர் இரண்டு உறுப்புகளைத் தேடுவார். எங்கள் பக்கத்தில் சல்லடையை அரிப்பு என்றும் சொல்வார்கள். அதற்காக, "வாரம் ஒருமுறை அரிப்பைச் சுத்தம் செய்யவும்" என்று அச்சிட்டு வடக்கே அனுப்பினால், வாங்கியவர் மருந்துக்கடைக்குப் போனாலும் போவார்.

இந்த வட்டாரச் சொற்கள் மேல் எனக்கு அலட்சியம் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். எங்களுக்கு அடுத்த இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன், கரிசல் சொற்களுக்கென்றே தனி அகராதி செய்து வைத்தார். பேச்சில் வாழ வேண்டிய சொற்கள் அவை. இயந்திரத்துக்குள் கைவிடப் போகிறவனுக்கு வேண்டியது வேறு.

நடுவில் சீனம் வந்து புகுந்தது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி சீனாவிலிருந்து வருவது. அதன் தாளில் பாதி சீன எழுத்து. சிங்கப்பூரில் சீனம் படித்த உறவுக்காரப் பையன் ஒருவன் ஊருக்கு வந்திருந்தான். அவனிடம் காட்டினேன். படித்துச் சொல்லிவிட்டு, "மாமா, சீனத்திலும் நம் கதைதான். 'தூதோவ்' என்று ஒரு சொல். எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் மண்பயறு. பெய்ஜிங்கில் அது உருளைக்கிழங்கு, தைவானில் நிலக்கடலை" என்றான். எனக்கு எங்கள் கடலையே கடல் தாண்டிப் போய் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

கணினிச் சொற்களிலும் இதே பிளவு இருக்கிறதாம். 1949-க்குப் பிறகு இரண்டு கரைகளும் பிரிந்துவிட்டன. கணினிச் சொற்கள் பரவியது அதற்குப் பின்னால். ஆகவே ஒவ்வொரு கரையும் தனக்கென்று சொல் செய்துகொண்டது. கணினிக்கு முன்னால் கையில் பிடித்து நகர்த்துகிறோமே, அந்தச் சுட்டிக்குச் சீனப் பெருநிலத்தில் எலிக்குறி என்று பொருள்படும் பெயர். தைவானில் வழுக்கும் எலி. நாம் கணினி, கணிப்பொறி என்கிறோம், இலங்கையில் கணனி என்கிறார்கள், அதுபோல. இதெல்லாம் கச்சான் ரகம்; கேட்டால் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்ளலாம்.

அவன் கடைசியாகச் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அட்டவணையில் குறுக்கே போகும் வரிசைக்கும் மேலிருந்து கீழே வரும் வரிசைக்கும் சீனத்தில் 'ஹாங்', 'லியே' என்று இரண்டு சொற்கள். பெருநிலத்தில் ஹாங் குறுக்கே போவது, லியே கீழே வருவது. தைவானில் அப்படியே தலைகீழ். சொற்கள் அதே இரண்டுதான், இடம் மாறிக்கொண்டன. 1956 முதல் பெருநிலத்தில் எழுத்தைச் சுருக்கினார்கள், தைவானில் பழைய எழுத்தே நின்றது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எழுத்தை மாற்றிவிட்டால் புத்தகம் தயார் என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். எழுத்து சரியாக மாறியிருக்கும், படிக்கவும் தடங்கல் இருக்காது; மூன்றாவது ஹாங்கைப் பார் என்றால் கண் மட்டும் வேறு கட்டத்துக்குப் போகும்.

உடனே எங்கள் புத்தகத்தின் பழுது அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். பருப்பு உடைந்து வந்தால், உருளைக்கும் சல்லடைக்கும் இடைவெளி குறைவு, அல்லது காய் அதிகமாகக் காய்ந்திருக்கிறது. காய் உடையாமலே வந்தால் இடைவெளி அதிகம், அல்லது சல்லடைக் கண் பெரிது. அதாவது இரண்டு பழுதுகளுக்கும் திருகாணியை எதிரெதிர்த் திசையில் திருப்ப வேண்டும். வரிசை மாறிப் படித்தவர், உடைகிற பருப்பை இன்னும் உடைப்பார். "இரண்டாம் வரிசையைப் பார்க்க" என்று பட்டறைக்காரர் எழுதியிருந்தார்; தமிழில் வரிசை எந்தப் பக்கமும் போகும். நிரை, நிரல் என்று பள்ளிக் கணக்கில் உண்டே என்றால், நிரல் என்பது கணினிக்காரர்களிடம் நிரலாக்கத்துக்குப் போய்விட்டது. கடைசியில் இரண்டு சொல்லையுமே விட்டோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் 1, 2, 3 என்று எண் போட்டு, "கட்டம் 4 பார்க்க" என்று எழுதினோம். பெட்டியின் விசைகளுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டாம் என்றேன். அதன்மேல் `RUN`, `STOP` என்று பொறித்திருக்கிறது. கண்ணால் பார்ப்பதையே தாளிலும் பார்க்கட்டும்.

ஆளி என்று போடலாமா, சுவிட்ச் என்று போடலாமா என்று கொஞ்சம் வாதம் நடந்தது. ஆளி இலங்கைப் பாடப்புத்தகச் சொல், நல்ல சொல். ஆனால் எங்கள் ஊரில் அதற்குச் சிங்கத்தைப் போன்ற கோயில் சிற்பம்தான் நினைவுக்கு வரும். சுவிட்ச் என்றால் இரு கரையிலும் கை சரியான இடத்துக்குப் போகும். சுவிட்சே நின்றது.

அச்சுக்குப் போகும் முன், இயந்திரம் ஓட்டும் பெண் ஒருத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டோம். காய், பருப்பு, சல்லடை எல்லாம் தாண்டி வந்தவள் ஆறாம் பக்கத்தில் நின்றாள். "இயந்திரம் ஓடும்போது ஓடு வெளியே வரும்" என்பதை இரண்டு முறை படித்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, ஓடும்போது என்னய ஓடுன்னு வெரட்டுதீக?" என்றாள். ஓடு வேறு எந்த ஊரிலும் ஓடுதான். அதை மாற்ற மனமில்லை. இயந்திரத்தைத்தான் ஓடாமல் சுற்ற வைத்தோம், பதினாறு பக்கத்திலும்.