கடைசியில் ஒரு 'ஸ்'

ஸ்பானிய மொழியும் அரபியும் அன்பைத் தாராளமாகச் செலவு செய்கிற மொழிகள். கியூபாவிலோ கொலம்பியாவின் கரீபியக் கடற்கரையிலோ பழம் வாங்கப் போனால், கடைக்கார அம்மா உங்களை 'மி அமோர்' என்பார். என் அன்பே என்று பொருள். பெய்ரூட்டில் டாக்ஸிக்காரர் ஏறி உட்காருவதற்குள் 'ஹபீபி' ஆக்கிவிடுவார். இரண்டு மொழிகளையும் வேலைக்காகக் கற்றுக்கொண்டவன் நான். அரபி துபாயில், ஸ்பானியம் போகோத்தா, மத்ரித் ஆட்களோடு தினமும் பேசிய திரையில். புதிதாகக் கேட்கிற தமிழ்க் காதுக்கு முதலில் தோன்றுவது, 'இவங்க ஊர்ல எல்லாரும் எல்லார்கிட்டயும் எதையும் சொல்லலாம் போல' என்பதுதான். அப்படி இல்லை. உள்ளே பூட்டுகள் இருக்கின்றன, வெளியாளுக்குக் கண்ணில் படாத இடங்களில்.

முதல் பூட்டு 'பிடிக்கும்' என்ற சொல்லில். இதில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதை ஸ்பானியத்தில் 'மே குஸ்தா எல் கஃபே' என்பார்கள். எனக்கு, பிடிக்கும், காபி. பிடிப்பது என் செயல் அல்ல, எனக்கு நேர்வது. ஆங்கிலத்திலிருந்து வருகிறவர்கள் இந்த அமைப்போடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். நமக்கு அது வீட்டுச் சாப்பாடு. அதனாலேயே நாம் தைரியமாக அடுத்த படிக்கும் போய்விடுகிறோம். காபி பிடிக்கும், மழை பிடிக்கும், ஆகவே உன்னைப் பிடிக்கும். வினையின் கடைசியில் ஒரு 'ஸ்' சேர்த்தால் போதும்: 'மே குஸ்தாஸ்'. இலக்கணம் சரி. ஆனால் நீங்கள் சொன்னது, 'உன்மேல எனக்கு ஒரு இது' என்று.

தமிழிலும் இந்த வித்தியாசம் இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். 'எங்க மேனேஜரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்' என்றால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். 'உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு' என்று நேராகச் சொன்னால், எதிரே இருப்பவர் ஒரு நொடி அமைதியாகிவிடுவார். நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலத்தையும் சூழலையும் மாற்றி வேலை வாங்குகிறோம். ஸ்பானியம் இரண்டு சொற்களை வைத்திருக்கிறது. ஆளைப் பற்றிப் பேசும்போது 'குஸ்தார்' பெரும்பாலும் ஈர்ப்புக்கு எழுதிவைக்கப்பட்டுவிட்டது. நட்புக்கு 'மே காயெஸ் பியென்' என்று தனியாக ஒன்று உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நீ எனக்கு நன்றாக விழுகிறாய்'. விசித்திரமாக இருக்கலாம், ஆனால் பத்திரமானது.

எங்கள் குழுவில் மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவன் இருந்தான். போகோத்தாவில் அவனோடு இரண்டு வருடம் சேர்ந்து வேலை பார்த்த பெண் வேறு வேலைக்குப் போகிறாள். கடைசி நாளில் அவளுக்குத் தனியாக இரண்டு வாக்கியம் அனுப்பினான். 'மே குஸ்தாஸ் மூச்சோ. தே வோய் அ எக்ஸ்த்ரன்யார்.' உன்னை ரொம்பப் பிடிக்கும், நீ இல்லாமல் வெறுமையாக இருக்கும் என்று சொல்ல நினைத்திருக்கிறான். அகராதியில் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தே எழுதியது. பதில் மூன்று மணி நேரம் கழித்து வந்தது: நன்றி, எனக்கு ஒருவர் இருக்கிறார். அதன்பிறகு பிரிவு உபசாரக் கூட்டத்தில்கூட அவள் இவன் பக்கம் திரும்பவில்லை.

"அண்ணே, பிடிக்கும்னுதானே சொன்னேன்? இதுல என்ன இருக்கு?" என்று திரையைக் காட்டினான்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அவனுடைய வாக்கியத்தில் பிழையே இல்லை. பிழை இருந்திருந்தால், 'பாவம், கற்றுக்கொள்கிற பையன்' என்று அவள் ஊகித்திருப்பாள். எங்கள் தொழிலில் சொல்வதென்றால், கம்பைல் ஆகிவிட்ட தவறு இது. எந்தச் சிவப்புக் கோடும் வராது. இரண்டாவது, 'தே வோய் அ எக்ஸ்த்ரன்யார்' என்பது தனியாக நின்றால் வெள்ளந்தியானது. விடைபெறுகிற எவரிடமும் சொல்லலாம். ஆனால் முதல் வாக்கியத்துக்குப் பக்கத்தில் நின்றதும் அதுவும் ஏக்கமாக மாறிவிட்டது. ஒரு வாக்கியம் நிறம் மாறினால் அக்கம்பக்கத்துக்கும் சாயம் ஏறும்.

திருத்தம் எளிதாகத்தான் இருந்தது. பிடித்தது ஆள் அல்ல, ஒரு செயல் என்று ஆக்கினோம்: 'மே குஸ்தோ மூச்சோ த்ரபஹார் கொந்தீகோ', உன்னோடு வேலை செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. அதற்கு முன்னால் நேராக ஒரு வரி: 'நான் சொல்ல வந்தது மே காயெஸ் பியென், முதலில் எழுதியதன் பொருள் இப்போதுதான் தெரிந்தது.' சுற்றிவளைக்கவில்லை, பத்துத் தடவை மன்னிப்பும் கேட்கவில்லை. உடனே 'ஹஹஹஹா' என்று ஒரு நீளச் சிரிப்பு வந்தது. இன்றைக்கும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.

அடுத்தது 'தே கியேரோ'. இதை 'ஐ லவ் யூ' என்று மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள், பாதிச் சிக்கல் அங்கேதான். பாட்டி பேரனுக்குச் சொல்வாள், தோழிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள், காதலர்களும் சொல்வார்கள். 'தே ஆமோ' அதைவிடக் கனமானது என்று பாடப்புத்தகம் சொல்லும். அர்ஜென்டினாவில் அந்தப் படிக்கட்டு ஓரளவு தெளிவாகத் தெரியும். ஸ்பெயினிலோ கணவன் மனைவியே 'தே கியேரோ' என்றுதான் பெரும்பாலும் சொல்லிக்கொள்கிறார்கள், 'தே ஆமோ' சினிமா வசனம் மாதிரிக் கேட்கும். லத்தீன் அமெரிக்காவின் பல வீடுகளில் அம்மா பிள்ளைகளிடம் 'தே ஆமோ' என்பாள். ஆகவே படிக்கட்டை மனப்பாடம் செய்து பயனில்லை. உதவுகிறது வேறொன்று. வெறும் 'தே கியேரோ'வைவிட 'தே கியேரோ மூச்சோ' இலேசானது. 'ரொம்ப' என்று சேர்த்தால் கூட வேண்டும்தானே? குறைகிறது. அளவு சொன்னதும் அது பாசமாகிவிடுகிறது. அளவில்லாமல் நிற்கிற வாக்கியம்தான் ஆபத்து.

அரபிக்கு வந்தால் பூட்டு வேறு இடத்தில். வளைகுடாவில் வேலை பார்த்த எந்தத் தமிழரும் முதல் வாரத்திலேயே 'ஹபீபி' கற்றுக்கொண்டுவிடுவார். ஆணுக்கு ஆண் அது 'நண்பா', 'தம்பி', சண்டையில் 'இங்க பாருப்பா' என எல்லாமாகவும் இருக்கும். அதன் பெண்பால் 'ஹபீப்தி'. பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டால் அதே இலேசுதான். ஆண், உறவில்லாத பெண்ணிடம் சொல்லும்போதுதான் எடை கூடுகிறது. லெபனானில் சில வட்டங்களில் அது காற்றோடு போய்விடும். வளைகுடாவில் ஒரு அலுவலகத்தில் சொன்னால் ஒன்று காதல், அல்லது மரியாதைக் குறைவு. சொல் ஒன்றுதான், யார் யாரிடம் சொல்கிறார் என்பதில்தான் பொருள் மாறுகிறது. அதில் நமக்குப் புதுமை ஏதும் இல்லை. கோயம்புத்தூர்க் காய்கறிக்கார அம்மா 'என்ன கண்ணு வேணும்?' என்று கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே 'கண்ணு'வை இளைஞன் ஒருவன் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

அரபியில் இன்னொரு நுட்பம் 'வஹஷ்த்தினி'. எகிப்தில், ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிறவரிடம் சொல்வது. 'உன்னை மிஸ் பண்ணினேன்' என்று சுருக்கிவிடலாம், ஆனால் எழுவாய் 'நான்' அல்ல, 'நீ'. இந்தச் சொல்லின் வேரிலிருந்து வருகிற 'வஹ்ஷா' என்பது தனிமை, வெறுமை. 'நீ என்னை வெறிச்சோட வைத்துவிட்டாய்.' நண்பர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு சொல்லும்போது இதில் ஒன்றுமில்லை. இரவு பதினோரு மணிக்கு ஒரு ஆண் ஒரு பெண்ணுக்குத் தனியாக அனுப்பினால் சொல்லின் முழு அர்த்தமும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். கெய்ரோவைச் சேர்ந்த, என்னைவிட மூத்த சக ஊழியர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். பிரசவ விடுப்பில் இருந்த பெண்ணுக்கு எங்கள் குழு வாழ்த்து அனுப்பிய சமயம். அவர் சிரித்துக்கொண்டே, "கடைசி எழுத்தை மாத்துப்பா, பிரச்சினை முடிஞ்சுது" என்றார். பெண்ணிடம் பேசும்போது நடுவே ஒரு நெடில் வரும்: 'வஹஷ்த்தீனி'. அதன் 'னி'யை 'னா' ஆக்கினால் 'வஹஷ்த்தீனா'. என்னை அல்ல, எங்களை. நீ இல்லாமல் எங்களுக்கு வெறிச்சென்று இருக்கிறது.

இந்தப் பன்மைதான் இரண்டு மொழிகளுக்கும் பொதுவான சாவி. ஸ்பானியத்தில் 'தே கியேரோ' இடறும் இடத்தில் 'தே கெரேமோஸ்' இடறாது, நாங்கள் எல்லாரும் உன்மேல் பாசமாக இருக்கிறோம். எகிப்திய அரபியில் 'பின்ஹிப்பக்' என்று அதே வேலையைச் செய்வார்கள். அன்பு குறைவதில்லை, அதைச் சொல்பவர் கூட்டத்தில் நிற்கிறார், அவ்வளவுதான்.

உறவுப்பெயரும் உதவும். 'உக்தி', என் சகோதரி, என்று ஒரு சொல் போட்டால் அரபி வாக்கியத்தின் மீதி அத்தனையும் பத்திரம். பிள்ளை இருப்பவரானால் 'உம்மு காலித்', காலிதின் அம்மா என்று மூத்த பிள்ளையின் பெயரால் அழைப்பது லெவண்டிலும் வளைகுடாவிலும் மரியாதையும் நெருக்கமும் சேர்ந்தது. மதப்பற்றுள்ள ஆண்கள் நண்பனிடம் அன்பை நேராகச் சொல்ல 'உஹிப்புக ஃபில்லாஹ்' என்பார்கள், அல்லாஹ்வுக்காக உன்னை நேசிக்கிறேன். 'நேசிக்கிறேன்' என்ற பெரிய சொல்லை வைத்துக்கொண்டே, எதற்காக என்று ஒரு வார்த்தை சேர்த்துத் தெளிவாக்கிவிடுகிற ஏற்பாடு.

நமக்கு வருகிற செய்தியை எப்படிப் படிப்பது? பாதித் தவிப்பு அந்தப் பக்கம்தான். சொல்லைப் பார்ப்பதைவிட அது மாறியதா என்று பார்ப்பது மேல். ஸ்பெயினில் மின்னஞ்சல்கள் 'ஒரு வணக்கம்' என்று முடியும், பழகியபின் 'உன் அப்ராஸோ', ஒரு அணைப்பு. நட்பு இன்னும் இறுகினால் 'உன் பேஸோ', ஒரு முத்தம். முத்தம் என்றதும் பதற வேண்டாம், அங்கே அறிமுகமாகும்போதே கன்னத்தில் இரண்டு கொடுப்பார்கள். அந்தப் பெண் எல்லாருக்கும் அப்படித்தான் முடிக்கிறாளா, குழுவில் இருக்கும்போதும் அப்படியா என்று பாருங்கள். எல்லாருக்கும் என்றால் அது அவளுடைய கையெழுத்து. எல்லாருக்கும் அணைப்பும் உங்களுக்கு மட்டும் முத்தமும் வந்தால், அதுவும் நள்ளிரவில், தனிச் சாளரத்தில், வேலைப் பேச்சே இல்லாமல் வந்தால் வேறு கதை. அப்போதும் சந்தேகமாக இருந்தால், ஒரு படி கீழே இறங்கிப் பதில் எழுதலாம். முத்தத்துக்கு அணைப்பு. பழக்கத்தில் போட்டவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். வேறு எண்ணத்தில் போட்டவருக்குப் புரிந்துவிடும், யாருக்கும் சங்கடமில்லை.

இத்தனைக்கும் பிறகு, பேசாமல் வறட்டு மொழியிலேயே இருந்துவிடலாமே என்று தோன்றலாம். அரபு நாட்டில் ஒருவரிடம் உதவி கேட்டால் 'அலா ஐனீ' என்பார், என் கண்மேல். அதற்கு வெறும் 'ஓகே, நன்றி' என்று நான் பதில் போட்ட நாட்களில், எதிர்முனையில் ஏதோ ஒரு கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொள்வது தெரியும். அதற்கு எதிர்பார்க்கப்படும் பதில் ஒன்று உண்டு. 'தஸ்லம் ஐனக்', உன் கண் நலமாக இருக்கட்டும். பெண்ணிடம் என்றால் கடைசி எழுத்தில் ஒரு 'இ' சேரும், 'ஐனிக்'. அந்தக் கண்ணை எல்லாரிடமும் சொல்லலாம்.