திறக்க முடியாதா, திறக்கக் கூடாதா?

இன்னைக்கு கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

நான் ஓய்வு பெற்ற பிறகு மகன் வீட்டுக்கு சிங்கப்பூர் போனப்போ சீன மொழி படிக்க ஆரம்பிச்சது உங்கள்ல பல பேருக்குத் தெரியும். முப்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது மூணு சின்னச் சொல். ஹுவெய், நெங், கெயி. அகராதியில பார்த்தா மூணுக்கும் "கேன்"னுதான் இங்கிலீஷ் அர்த்தம் போட்டிருக்கும். நம்ம சூலக்கரைப் பிள்ளைக்கு அந்த இங்கிலீஷே தேவையில்லை. மூணுக்கும் தனித்தனியா தமிழ்ல வார்த்தை இருக்கு.

ஒரு கிணறை நினைச்சுக்கோங்க. "எனக்கு நீச்சல் தெரியும்." இது ஹுவெய், கத்துக்கிட்ட திறமை. "கையில மாவுக்கட்டு, இப்ப நீந்த முடியாது." இங்க வர்றது நெங், அதாவது உடம்பும் சூழ்நிலையும் இடம் கொடுக்குதாங்கிறது. "தோட்டக்காரர் சரின்னுட்டார், குளிக்கலாம்." இது கெயி, அனுமதி.

கட்டுப் பிரிச்ச அன்னைக்கு "இப்ப நீந்த முடியுது"ன்னு சொல்ல நெங்தான் வரும், ஹுவெய் வராது. கை உடைஞ்சதால நீச்சல் மறந்து போகலையே! அதே மாதிரி, எத்தனை சுத்து நீந்துவேன்னு அளவு சொல்லும்போதும் நெங்தான்.

ஹுவெய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. "நாளைக்கு மழை வரும்"னு நடக்கப் போறதைச் சொல்லவும் அதே சொல்தான். திறமைக்கும் வரப்போறதுக்கும் எப்படி ஒரே சொல்னு எங்க வகுப்புல எல்லாரும் குழம்பினாங்க. நான் குழம்பலை. நம்ம ஊர்ல "அவளுக்குப் பாட்டு நல்லா வரும்"னு சொல்றோம், "சாயந்தரம் மழை வரும்"னும் சொல்றோம். ஒரே "வரும்"தானே?

இவ்வளவும் சொன்னதுக்குக் காரணம் போன மாசம் வந்த ஒரு காகிதம். என் தம்பி மகன் சிவகாசியில ஒரு அச்சகத்துல வேலை பார்க்கிறான். அங்க சீனாவுல இருந்து வந்த ஒரு ஃபோல்டிங் மெஷின் இருக்கு. உருளைகளுக்கு நடுவுல தாளை இழுத்து மடிச்சுத் தள்ளும். கூட வந்த புத்தகத்துல ஒரு பக்கம் சீனம், எதிர்ப் பக்கம் இங்கிலீஷ். யாரோ அந்த இங்கிலீஷைப் பார்த்துத் தமிழ்ல எழுதிக் கொடுத்திருக்காங்க. "அத்தை, இதை மெஷின் மேல ஒட்டப் போறோம், எழுத்துப்பிழை மட்டும் பாருங்க"ன்னு அனுப்பினான். எழுத்துப்பிழை ஒண்ணும் இல்லை. ஆனா மூணு வரி என்னை நிறுத்திருச்சு.

முதல் வரி: "மெஷின் ஓடும்போது மூடியைத் திறக்க முடியாது." இதைப் படிக்கிற பையன் என்ன நினைப்பான்? மூடி தானா பூட்டிக்கும், இழுத்தாலும் வராதுன்னுதானே? அப்ப இழுத்தா வந்துருச்சுன்னா, மெஷின் நின்னுருச்சு போலன்னு கையை விட்டுருவான்.

சீனப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அங்க இருந்தது "பு நெங்". பு-ன்னா "இல்லை". நெங் முடியும்னா, பு நெங் முடியாதுதானேன்னு கேட்பீங்க. அங்கதான் வம்பு. கெயின்னு அனுமதி கேட்டா, மறுக்கிறவங்க பல நேரம் பு நெங்னு சொல்லித்தான் மறுப்பாங்க. அதனால பு நெங்குக்குள்ள நம்ம "முடியாது"வும் இருக்கு, "கூடாது"வும் இருக்கு. இங்கிலீஷ் "கேன்னாட்"லயும் இந்த ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. சீனத்துல இருந்து இங்கிலீஷுக்கு வந்தவரைக்கும் தப்பு வெளியே தெரியலை. தமிழ் ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். எழுதினவர் தப்பானதை எடுத்துட்டார்.

சரி, இங்க எது சரின்னு எப்படித் தெரிஞ்சது? சீனத்துல "திற"ங்கிறது தா காய், ரெண்டு அசை. இழுத்தாலும் திறக்க வராதுன்னு சொல்லணும்னா நடுவுல பு-வைச் செருகி "தா பு காய்"னுதான் சாதாரணமா சொல்வாங்க. பு நெங்கை முன்னாடி வச்சு "பு நெங் தா காய்"னு எழுதினா அது தடை, திறக்கக் கூடாது. புத்தகத்துல இருந்தது இந்த ரெண்டாவது. பு நெங்கை எடுத்துட்டு, தடைக்குன்னே இருக்கிற "ஜின்ஜி"ங்கிற சொல்லை வச்சுப் பார்த்தேன். பொருள் மாறலை. அப்ப அது கூடாதுதான்.

சொல்லை மட்டும் நம்பாம, மெஷினை நிறுத்தி மின்சாரத்தைத் துண்டிச்சுட்டு மூடியைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துட்டுப் போன் பண்ணினான். "ரெண்டு கைத்திருகுதான் அத்தை இருக்கு. திறந்தா மெஷினை நிறுத்துற சுவிட்ச் எதுவும் இல்லை. ஓடும்போதே கழட்டித் தூக்கிரலாம்." முடியாதுன்னு ஒட்டப் பார்த்த மூடி அது.

ரெண்டாவது வரி இன்னும் வேடிக்கை. "மெஷினை இயக்க முடியாதவர்கள் அதைத் தொடங்காமல் இருக்கலாம்." அதாவது அவங்க இஷ்டமாம்! சீனத்துல இருந்தது பு ஹுவெய், பு கெயி. பழகாதவங்க, கூடாது. "இயக்கத் தெரியாதவர்கள் சுவிட்ச் போடக் கூடாது", அவ்வளவுதான். இங்கிலீஷ்ல அதை "மே நாட்"னு போட்டிருந்தாங்க. அந்த மே அனுமதியைக் குறிக்கிற மே. தமிழாக்கினவர் அதை "இருக்கலாம், இல்லாமலும் போகலாம்"ங்கிற மே-ன்னு எடுத்துக்கிட்டார்.

மூணாவது: "உருளையில் கை பட்டால் காயம் ஏற்படலாம்." அங்க இருந்தது ஹுவெய். மழை வரும்னு சொன்ன அதே ஹுவெய். கை பட்டா காயம் வரும்னு மூலம் சொல்லுது. தமிழ் "லாம்" போட்டு பயத்தைப் பாதியாக்கிருச்சு.

இந்த "லாம்" நமக்கு எதிர்ப்பக்கமும் குழி வெட்டும். "நீ போகலாம்" அனுமதி, அதுக்கு கெயி சரி. "மழை பெய்யலாம்" வெறும் வாய்ப்பு, அதுக்கு கெநெங்னு வேற சொல் இருக்கு. கெயி போட்டா மழைக்கு நாம அனுமதி கொடுத்த மாதிரி ஆகிரும். கெயி சில இடத்துல "முடியும்"ங்கிற பொருளும் தரும். "நான் உதவி செய்ய முடியும்"னு சொல்ல நெங், கெயி ரெண்டுமே வரும். அதனால மூணு சொல்லுக்கும் நடுவுல பெரிய மதில் சுவர் எதுவும் இல்லை, வேலிதான். அதிகமாத் தடுமாற வைக்கிறது பு போட்டு மறுக்கிற இடம்தான்.

நம்ம பட்டாசு ஆலை வாசல் போர்டைப் பாருங்க. "தீப்பெட்டி கொண்டு வர முடியாது"ன்னு எங்கயாவது எழுதியிருக்கா? கொண்டு வர முடியும், அதனாலதான் கூடாதுன்னு எழுதுறோம்.

இப்ப மெஷின் மேல புதுக் காகிதம் ஒட்டியாச்சு. "மெஷின் ஓடும்போது மூடியைத் திறக்கக் கூடாது. இயக்கத் தெரியாதவர்கள் சுவிட்ச் போடக் கூடாது. உருளையில் கை பட்டால் காயம் ஏற்படும்." மூடியோட சேர்ந்து நிக்கிற மாதிரி ஒரு சுவிட்ச் வைக்கச் சொல்லி முதலாளிகிட்ட கேட்டிருக்கானாம்.

டீச்சர் பதிவுன்னா வீட்டுப்பாடம் இல்லாமலா? பத்து மாசப் பேத்தி இன்னும் நடக்கலை. தாத்தாவுக்குக் கால்ல கட்டு, அவரும் நடக்கலை. எதுக்கு பு ஹுவெய், எதுக்கு பு நெங்? கமெண்ட்ல எழுதுங்க, ராத்திரி திருத்துறேன்.