நெருப்பு பின்னாடி போனா என்ன ஆகும்? கேஸ் வெல்டிங் பட்டறைக்கு ஒரு த்ரெட்

1/
கேஸ் வெல்டிங், கேஸ் கட்டிங் பட்டறை வெச்சிருக்கவங்க, அங்க வேலை பாக்கறவங்க, வீட்ல யாராவது அந்த வேலைக்குப் போறவங்க: இந்த த்ரெட் உங்களுக்குத்தான். டார்ச் முனைல எரிய வேண்டிய நெருப்பு ஹோஸுக்குள்ள திரும்பிப் போறதைப் பத்தி மட்டும் பேசப் போறேன். அதுக்குப் பேரு ஃப்ளாஷ்பேக்.

2/
முதல்ல பட்டறைல நிக்கற ரெண்டு சிலிண்டரைப் பாருங்க. கருப்பு ஆக்சிஜன், மெரூன் கலர் அசிட்டிலின். கட்டிங் பண்றப்போ ஆக்சிஜன் ரெகுலேட்டரை ஏறக்குறைய 3 பார்ல வெப்பாங்க. அசிட்டிலினை 0.3 பார் பக்கத்துல வெப்பாங்க. அதாவது ஒரு ஹோஸ்ல இருக்கற அழுத்தம் இன்னொண்ணைவிட பத்து மடங்கு. பிரச்சனை இங்கதான் ஆரம்பிக்குது.

3/
நாசில் வாய் திறந்திருக்கற வரைக்கும் ரெண்டு வாயுவும் வெளியேதான் போகும். உருகுன இரும்புத் துளி தெறிச்சு வாயை அடைச்சிருச்சுன்னா? ஆக்சிஜனுக்கு வெளியே வழி இல்ல. டார்ச்சுக்குள்ள ரெண்டு வாயுவும் கலக்கற இடம் வழியா, அழுத்தம் கம்மியா இருக்கற அசிட்டிலின் ஹோஸுக்குள்ள அது ஏறிடும். அசிட்டிலின் சிலிண்டர் தீர்ற நிலைல இருந்தாலும் இதே கதைதான்.

4/
தீக்காயத்தோட வந்த ஒரு தம்பி சொன்னதைச் சொல்றேன். வயசு 22. டீ குடிக்கப் போறப்போ டார்ச்சை மட்டும் மூடிட்டுப் போயிருக்கார். ரெண்டு சிலிண்டரும் திறந்தபடியே இருந்திருக்கு. நாசில்ல கசடு. அசிட்டிலின் தீரப்போற நிலை. வந்ததும் ரெண்டு வால்வையும் ஒண்ணாத் திறந்து பத்த வெச்சார். நெருப்பு சோம்பலா வந்துச்சாம். சரி, ஆக்சிஜனைக் கூட்டுவோம்னு கூட்டி, அது அணைஞ்சதும் மறுபடி பத்த வெச்சார். 'படார்'னு ஒரு சத்தம். காலை ஒட்டிக் கிடந்த சிவப்பு ஹோஸ் வெடிச்சு, கெண்டைக்கால்ல இருந்து தொடை வரைக்கும் வெந்துபோச்சு.

5/
அந்த ஹோஸ்ல அப்போ எவ்வளவு வாயு இருந்திருக்கும்? 8 மில்லிமீட்டர் துளை உள்ள ஹோஸ் 5 மீட்டர் நீளம்னா, உள்ள பிடிக்கறது கால் லிட்டர்தான். ஒரு டம்ளர் அளவு. ஆனா அசிட்டிலினும் ஆக்சிஜனும் கலந்த அந்த ஒரு டம்ளரே ரப்பரைக் கிழிக்கப் போதும். காயம் எங்க வரும்னா, ஹோஸ் எங்க கிடக்குதோ அங்க. அதனால ஹோஸை தோள்ல போட்டுக்கிட்டோ கால்ல சுத்திக்கிட்டோ வேலை செய்யாதீங்க.

6/
இதைத் தடுக்கற சாமான்தான் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர். விரல் நீள உலோக உருளை. உள்ள நுண்ணிய துளைகள் உள்ள உலோக வடிகட்டி இருக்கும். நெருப்பு அதுக்குள்ள நுழைஞ்சா சூடு உறிஞ்சப்பட்டு அணைஞ்சிரும். வாயு திரும்பி ஓடாம தடுக்க ஒரு ஒருவழி வால்வும் உள்ள உண்டு. ரெகுலேட்டர் வாயில ஒண்ணுன்னு ரெண்டு சிலிண்டருக்கும் மாட்டணும். மேல இருக்கற அம்புக்குறி டார்ச் பக்கம் பாக்கணும்.

7/
"டார்ச்ல ஒருவழி வால்வு இருக்கே டாக்டர்"னு கேப்பீங்க. அது ஆக்சிஜன் பின்னாடி போறதைக் குறைக்கும். கிளம்பிட்ட நெருப்பை நிறுத்தாது. ரெண்டு வேலையும் வேற வேற. இன்னொண்ணு, ஒரு தடவை ஃப்ளாஷ்பேக் வாங்குன அரெஸ்டரை அப்படியே திரும்ப மாட்டாதீங்க. வெளியே பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள வடிகட்டி கருகியிருக்கும். மாத்திடுங்க. அந்த ஹோஸையும்தான்.

8/
ஹோஸ் செக் பண்ண அஞ்சு நிமிஷம் போதும். கையால வளைச்சுப் பாருங்க. வெடிப்பு தெரிஞ்சா, தீப்பொறி பட்ட குழி இருந்தா, அந்த ஹோஸ் வேண்டாம். அப்புறம் டார்ச் வால்வு ரெண்டையும் மூடி, சிலிண்டரைத் திறந்து, வேலை அழுத்தம் வெச்சு, சிலிண்டரை மட்டும் மூடுங்க. ரெகுலேட்டர் முள்ளைப் பாத்துக்கிட்டு அஞ்சு நிமிஷம் நில்லுங்க. முள் இறங்கினா எங்கயோ கசியுது. எண்ணெய் கலக்காத சோப்புத் தண்ணி தடவினா குமிழி இடத்தைக் காட்டும்.

9/
கிழிஞ்ச ஹோஸை வெட்டி, நடுவுல செப்புக் குழாய் வெச்சு, கம்பியால கட்டி ஓட்டற பழக்கம் சில இடத்துல இருக்கு. அசிட்டிலினும் செம்பும் சேர்ந்தா தட்டினாலே வெடிக்கற ஒரு பொருள் உருவாகும். செம்பு வேண்டவே வேண்டாம். ஆக்சிஜன் பக்கம் எண்ணெய், கிரீஸ் கூடாது, கையில ஒட்டியிருக்கறதுகூட.

10/
பத்த வைக்கறதுக்கு முன்னாடி, பக்கத்துல நெருப்பு இல்லாத காத்தோட்டமான இடத்துல, அசிட்டிலினை மட்டும் சில நொடி திறந்து விட்டு மூடுங்க. அப்புறம் ஆக்சிஜனை மட்டும். ஹோஸ்ல கலந்து கிடக்கறது வெளியேறிடும். 4-ல சொன்ன தம்பி நாசிலைச் சுத்தம் பண்ணிட்டு இதையும் செஞ்சிருந்தா, முதல் தடவை பத்த வைக்கறப்போ ஹோஸ் சுத்தமா இருந்திருக்கும். அணைஞ்ச பிறகும் இதேதான், காரணம் தெரியாம மறுபடி பத்த வைக்கக் கூடாது.

11/
இப்போ வேலை முடிச்சு அணைக்கற வரிசை.
முதல்ல டார்ச்ல அசிட்டிலின் வால்வு. நெருப்பு அணையும். முனைல சின்னதா எரிஞ்சுக்கிட்டே இருந்தா அந்த வால்வு கசியுதுன்னு அர்த்தம்.
அடுத்து டார்ச்ல ஆக்சிஜன் வால்வு.
மூணாவது, ரெண்டு சிலிண்டர் வால்வும்.
நாலாவது, டார்ச்ல ஒவ்வொரு வால்வா, ஒண்ணை மூடிட்டு அடுத்ததுன்னு, திறந்து ஹோஸ்ல மிச்சம் இருக்கறதை விடுங்க. முள் பூஜ்யத்துக்கு வரணும்.
கடைசியா ரெகுலேட்டர் திருகாணியைத் தளர்த்துங்க.

12/
சில டார்ச் கம்பெனிகளோட கையேட்டுல முதல் ரெண்டு படி மாறியிருக்கும், ஆக்சிஜன் முதல்ல. உங்க டார்ச் கையேடு சொல்றபடி செய்யுங்க. மூணாவது, நாலாவது படி யாருக்கும் மாறாது. பட்டறைல விட்டுப் போறதும் அதேதான். டார்ச் வால்வு சின்ன ஊசி வால்வு, ராத்திரி முழுக்க அதை நம்பக் கூடாது. மூடுன ஷெட்டுக்குள்ள காத்துல 2.5 சதவீதம் அசிட்டிலின் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். காலைல கதவைத் திறந்ததும் பூண்டு வாடை மாதிரி அடிச்சா சுவிட்ச் போடாதீங்க. கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வாங்க.

13/
டார்ச்சுக்குள்ள 'கீ...'ன்னு விசில் சத்தம் வந்து கைப்பிடி சுட்டா, நெருப்பு உள்ளே எரியுது. அப்போ வரிசை வேற: ஆக்சிஜனை முதல்ல மூடுங்க, அப்புறம் அசிட்டிலின், அப்புறம் சிலிண்டர்கள். அசிட்டிலின் சிலிண்டரே சூடாயிருந்தா தொடாதீங்க, நகர்த்தாதீங்க. எல்லாரையும் வெளியேத்திட்டு 101-க்குப் போன் பண்ணுங்க. நெருப்பு அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள வாயு சிதைஞ்சுக்கிட்டே இருக்கும். மணிக்கணக்கு கழிச்சும் வெடிக்கலாம்.

14/
யாருக்காவது தீக்காயம் பட்டுட்டா, ஓடற குழாய்த் தண்ணில 20 நிமிஷம் காட்டுங்க. ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், இங்க் வேண்டாம். தோல்ல ஒட்டின துணியைப் பிச்சு எடுக்காதீங்க. முகம் வெந்திருந்தாலோ குரல் கம்மியிருந்தாலோ, பாக்க லேசா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. மூச்சுக்குழாய் வீங்க ஆரம்பிச்சிருக்கலாம்.

15/
உங்க பட்டறை ரெகுலேட்டர்ல அரெஸ்டர் இருக்கா? நாளைக்குப் போனதும் பாத்துட்டு கீழே சொல்லுங்க. 11-ஐ மட்டும் பேப்பர்ல எழுதி சிலிண்டருக்கு மேல சுவத்துல ஒட்டிடுங்க.