ஓடும் மோட்டரும் ஏறாத நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. மாரி மழையைத் தன் வெடிப்புகளிலும் குகைகளிலும் ஏற்று வைத்திருக்கும் சுண்ணாம்புக் கற்பாறையே அங்கு வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நீர் வழங்குகின்றது. துலாவினால் இறைத்த காலத்தில் நீர் வராமைக்குரிய காரணத்தைக் கிணற்றை எட்டிப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். குழாய்க் கிணறும் மின்மோட்டரும் வந்த பின்னர் அக்காரணம் ஒடுங்கிய குழாயொன்றினுள் மறைந்துவிட்டது. மோட்டர் வழமைபோலச் சுழல்கின்றது. தொட்டியிலோ ஒரு சொட்டு நீரும் விழுவதில்லை. இந்நிலையிற் பலரும் முதலில் ஐயுறுவது மோட்டரையே. ஆயினும் தடையின்றிச் சுழலும் மோட்டர் தன் கடமையைச் செய்துகொண்டே இருக்கின்றது. குறை பெரும்பாலும் பம்பிக்கும் நீருக்கும் இடைப்பட்ட வழியிலேயே இருக்கும்.

நிலத்தின் மேல் வைக்கப்படும் பம்பி கிணற்று நீரை இழுக்கின்றது என்பது பேச்சு வழக்கு. உண்மையில் நீரை மேலே தள்ளுவது வளிமண்டலத்தின் அமுக்கமேயாகும். பம்பி தன் வாயில் அமுக்கத்தைக் குறைக்கின்றது. கிணற்று நீரின் மேற்பரப்பை அழுத்தி நிற்கும் வளி, அந்த வெறுமையை நோக்கி நீரைத் தள்ளுகின்றது. கடல்மட்டத்தில் வளிமண்டலம் தாங்கக்கூடிய நீர்நிரலின் உயரம் ஏறத்தாழ 10.3 மீற்றர். எத்துணை வலிய மோட்டரைப் பூட்டினாலும் இந்த எல்லையை மீற முடியாது. குழாயின் உராய்வையும், குறைந்த அமுக்கத்தில் நீர் ஆவியாகும் இயல்பையும் கழித்துப் பார்த்தால், நடைமுறையில் நம்பக்கூடியது 7 மீற்றர் அளவேயாகும்.

இனி, பம்பியினுள்ளே நிகழ்வதைக் காண்போம். அங்கே சுழலும் இறகுச் சக்கரம் தன்னிடமுள்ள பொருளை வெளிநோக்கி வீசுகின்றது. அது நீராயின், 30 மீற்றர் உயரத்துக்கு ஏற்றும் திறனுடைய பம்பி 30 மீற்றர் நீர்நிரலுக்கு ஈடான அமுக்கத்தைத் தரும். அது வளியாயின், 30 மீற்றர் வளிநிரலுக்கு ஈடான அமுக்கத்தை மட்டுமே தரும். வளியோ நீரைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் இலேசானது. ஆகவே அந்த அமுக்கத்தால் நீரை 4 சென்ரிமீற்றர்கூட உயர்த்த இயலாது. பம்பிக்குள் வளி புகுந்தால், அது எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம். பிரைமிங் எனப்படும் நீர் நிரப்பும் செயலின் பொருளும் இதுவே: உறிஞ்சு குழாயையும் பம்பியின் வயிற்றையும் நீரால் நிரப்பி, வளியை முற்றாக வெளியேற்றுதல்.

நிரப்பிய நீரைக் காத்து நிற்பது குழாயின் அடியிலுள்ள வால்வு. அதன் வாயில் ஒரு மணற்பருக்கை சிக்கினாலும் இரவோடிரவாக நீர் கிணற்றுக்குள் இறங்கிவிடும். காலையில் மோட்டர் வளியையே சுழற்றும். இதனைச் சோதிப்பது எளிது. மின்னைத் துண்டித்து, பம்பியின் மேலுள்ள மூடியைத் திறந்து, விளிம்பு வரை நீர் ஊற்றி, பத்து நிமிடம் காத்திருத்தல் வேண்டும். நீர் இறங்கினால் வால்வு ஒழுகுகின்றது, அல்லது குழாயில் வெடிப்புண்டு. நீர் அசையாது நின்றால் குறையை வேறிடத்திற் தேட வேண்டும்.

அந்த வேறிடம் வளியடைப்பாக இருக்கலாம். உறிஞ்சு குழாய் கிணற்றிலிருந்து பம்பி வரை சிறிது சிறிதாக ஏறியே வருதல் வேண்டும். இடையில் ஓரிடத்திற் கூன்போல் உயர்ந்து மீண்டும் தாழ்ந்தால், அக்கூனில் வளி தங்கி நீரின் வழியை அடைத்துவிடும். மூடியின் வழியே எவ்வளவு நீர் ஊற்றினாலும் அந்த வளி வெளியேறாது. குழாயின் கிடையைத் திருத்துவதே பரிகாரம். தளர்ந்த பொருத்துகளும் வளியை உள்ளே விடும். இறைக்கும்போது குழாயினுள் அமுக்கம் குறைவாதலின், அங்கே நீர் வெளியே கசியாது. வளியே உள்ளே நுழையும். ஆகவே ஈரம் தெரியாத பொருத்து நல்ல பொருத்து என்று எண்ணுதல் தவறு. பம்பி இறைத்துக்கொண்டிருக்கையிற் பொருத்துகளின் மேல் சவர்க்கார நுரையைப் பூசினால், வெடிப்புள்ள இடத்தில் நுரை உள்ளே உறிஞ்சப்படும்.

மூன்றாவது காரணமாகிய நீர்மட்ட வீழ்ச்சியே பெரிதும் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவது. வலிகாமத்து வீடொன்றை எடுத்துக்கொள்வோம். மாசி மாதத்தில் நன்றாக இறைத்த பம்பி ஆவணியில் நீர் தர மறுத்தது. வீட்டுக்காரர் இளைப்பாறிய ஆசிரியர். அழைக்கப்பட்ட மெக்கானிக் முதலில் நீர் நிரப்பிப் பார்த்தார், நீர் இறங்கவில்லை. மோட்டரைப் போட்டதும் மூன்று நிமிடம் நல்ல நீர் வந்தது. பின்னர் விட்டுவிட்டு வந்து நின்றுபோயிற்று. அரை மணி நேரம் கழித்து மீண்டும் நிரப்பிப் போட்டபோதும் அதே மூன்று நிமிடம். “மாஸ்டர், மோட்டரிலை பிழையில்லை, தண்ணிதான் கீழை போகுது” என்றார் அவர். “அடிவால்வு 12 மீற்றரிலை கிடக்குது, தண்ணிக்குள்ளைதானே இருக்குது?” என்று ஆசிரியர் கேட்டார்.

கேள்வி நியாயமானதே. ஆயின் வளிமண்டலத்தின் கணக்கில் அடிவால்வின் ஆழம் சேர்வதில்லை; பம்பியின் வாய்க்கும் நீரின் மேற்பரப்புக்கும் இடையிலுள்ள உயரமே கணக்கிற்குரியது. மெக்கானிக் நூலிற் கட்டிய இரும்புத் துண்டை இறக்கி அளந்தார். பம்பி ஓய்ந்திருக்கையில் நீர்மட்டம் 6.2 மீற்றரில் இருந்தது, இறைக்கையில் 7.8 மீற்றருக்கு இறங்கியது. குழாயின் உராய்வுக்கென 0.6 மீற்றரைக் கூட்டினால் 8.4 மீற்றராகும். மாசியில் ஓய்வுமட்டம் 4.4 மீற்றராக இருந்திருப்பின், அதே இறக்கத்தையும் உராய்வையும் கூட்டினாலும் 6.6 மீற்றரே. பம்பி அன்று எல்லைக்கு உள்ளே நின்றது. இன்று வெளியே நிற்கின்றது. ஓய்வுமட்டத்தை மட்டும் அளந்திருந்தால் இது புலப்பட்டிராது.

மெக்கானிக் வெளியேற்று குழாயின் வால்வைப் பாதியளவு மூடினார். வரும் நீர் பாதியாகக் குறைய, கிணற்றின் இறக்கமும் ஏறத்தாழப் பாதியாயிற்று. உராய்வு அதனினும் குறைந்தது. மொத்தம் 7 மீற்றரை அண்டியதும், மெல்லியதாயினும் இடையறாத நீர் வந்தது. நிலையான பரிகாரம் வேண்டுமாயின், பம்பியைக் குழியொன்றினுள் தாழ்த்தி வைக்கலாம். அன்றி நீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும் மோட்டரை இறக்கலாம். மூழ்கிய மோட்டர் கீழிருந்து நீரைத் தள்ளுவதால் அதனை இந்த உறிஞ்சல் எல்லை கட்டுப்படுத்தாது. பெரிய மோட்டரை மேலே பூட்டுவதோ கிணற்றை மேலும் ஆழப்படுத்துவதோ மட்டும் பயன் தராது. பம்பியின் வாய்க்கும் நீருக்கும் உள்ள தூரம் அவற்றாற் குறைவதில்லை.

குடாநாட்டில் மூழ்கு மோட்டருக்கும் வேறோர் எல்லை உண்டு. அங்கே நன்னீர், பாறையினுள் கடலுவர் நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலார் கண்ட சமநிலை. மேலே சிறிது குறைந்தாலும், காலப்போக்கில் கீழிருந்து உவர் பன்மடங்கு உயர்ந்து வரும். மேற்பம்பியின் 7 மீற்றர் எல்லை வரட்சிக் காலத்தில் இறைப்பைத் தானாகவே நிறுத்திவிடுகின்றது. மூழ்கு மோட்டர் அவ்வாறு நிறுத்துவதில்லை. நீர் உவர்த்த பின்னரே அது செய்தது தெரியவரும். ஆதலின் மூழ்கு மோட்டர் வாங்கும் வீட்டுக்காரர் அந்த நூலையும் இரும்புத் துண்டையும் எறிந்துவிடாமல், மாசியிலும் ஆவணியிலும் நீர்மட்டத்தை அளந்து குறித்து வருதல் வேண்டும். ஆவணி மட்டம் ஆண்டுதோறும் தாழ்ந்து வருமாயின், குறைக்க வேண்டியது இறைக்கும் அளவையே.