கணக்கு நோட்டு

ஆவடியை அடுத்த சேக்காட்டில் நாங்கள் குடியிருந்த காலத்தில், காலையில் மின்சார இரயிலைப் பிடிக்கும் முன் ஓர் அண்ணாச்சியின் தேநீர்க் கடையில் சற்று நிற்பது என் வழக்கம். கட்டட வேலைக்குச் செல்வோர் கூடுமிடமும் அதுவே.

ஒரு சனிக்கிழமை மாலை, வண்ணம் பூசும் தொழிலாளி ஒருவர் அவருடைய மேஸ்திரியின் சட்டையைப் பற்றிவிட்டார். ஐந்து நாள் கூலி, நாளொன்றுக்கு 900 ரூபாய். முன்பணம் 1000 போக 3500 வரவேண்டும் என்பது அவர் கணக்கு. மழை பெய்த நாளைச் சேர்க்க முடியாது, முன்பணமும் 1500, ஆகவே 2100தான் என்றார் மேஸ்திரி. தொழிலாளியின் கையில் மகளின் பள்ளிக் கட்டணச் சீட்டு கசங்கிக் கிடந்தது.

அண்ணாச்சி யாரையும் அதட்டவில்லை. ஒருவரை அடுப்பருகிலும் மற்றவரை வாசல் பெஞ்சிலும் அமரச் செய்தார். அன்று தேநீரை ஆற்றுவதற்கு அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பாதி டம்ளர் காலியான பிறகே வாய் திறந்தார்.

"நாலு நாள் வேலையில ரெண்டு பேருக்கும் சண்டை இல்லையே?"

இருவரும் தலையசைத்தனர். சண்டை 1400 ரூபாய்க்கு மட்டுமே என்று அப்போதுதான் எங்களுக்கே புரிந்தது. அதிலும் 900 மழை நாளுக்கானது. 500 முன்பணத்தில் வந்த வேறுபாடு.

"மழை எப்போ புடிச்சுது?"

"மத்தியானச் சோத்துக்கு அப்புறம்," என்றார் தொழிலாளி. மேஸ்திரி மறுக்கவில்லை. அரை நாள் உழைப்புக்கு அரைக் கூலி, 450 என்று முடிவாயிற்று.

எஞ்சியது அந்த 500. அண்ணாச்சி கடன் நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது, முகம் வாடியது.

"தம்பி, தப்பு என்னோடது. உன் டீக் கடனுக்குன்னு மேஸ்திரி புதன்கிழமை 500 கொடுத்தாரு. வரவு வச்சேன், உன்கிட்டச் சொல்லல."

கைக்கு வராத பணத்தைத் தொழிலாளி எப்படி அறிவார்? கொடுத்த பணத்தை மேஸ்திரி எப்படி விட்டுக்கொடுப்பார்? இருவருமே பொய் சொல்லவில்லை. சட்டையைப் பற்றிய கை மெல்லத் தாழ்ந்து டம்ளரைத் தேடியது.

நான்கரை நாளுக்கு 4050. முன்பணம் 1500 போக 2550. மேஸ்திரி எண்ணிக் கொடுத்தார். பிறகு கட்டணச் சீட்டைப் பார்த்து, "குறையுறதை அடுத்த வாரக் கூலியில கழிச்சுக்கலாம்," என்று மேலும் 500 ரூபாயை நீட்டினார். தொழிலாளி தயங்கி அண்ணாச்சியைப் பார்த்தார்.

"இதையும் எழுதிடுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி எழுதினார். இம்முறை இருவருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்துக் காட்டிய பின்னரே நோட்டை மூடினார்.