நான் மறைத்த பூஜ்யம்

2018-இல் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் தன் விண்டோஸ் 7 கணினிக்குள் உபுண்டு ஓட்டிப் பழக வேண்டும் என்று வந்தான். பென்டியம் டூயல் கோர் E2180, 2 ஜிபி ரேம். ப்ராசசரைப் பற்றி ஒன்றும் பார்க்காமல், "ரேம் மட்டும் கூட்டிக்கோ, ஓடிடும்" என்றேன். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் இன்னொரு 2 ஜிபி வாங்கி வந்தான்.

விர்ச்சுவல்பாக்ஸ் 5.2-இல் 64 பிட் உபுண்டு என்ற தேர்வே இல்லை. 32 பிட் என்று வைத்து ஏற்றினால், இது i686 செயலி என்று சொல்லி நின்றுவிட்டது. E2180 நிஜத்தில் 64 பிட் ப்ராசசர்தான். அதனால் குறை பயாஸில் இருக்கிறது என்று முடிவுகட்டி ஒரு இரவு முழுக்கத் தேடினேன். மறுநாள் லைவ் பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றி இதை அடித்தேன்:

```
grep -Ec 'vmx|svm' /proc/cpuinfo
```

விடை 0. பயாஸ் அணைத்து வைத்திருந்தால்கூட அன்றைய கர்னல்களில் vmx என்ற கொடி தெரியும். கொடியே இல்லை என்றால் சிலிக்கானிலேயே VT-x இல்லை. எனக்கு அது அப்போதே புரிந்துவிட்டது. அவனிடமோ "மதர்போர்டு பழசு" என்றேன். அது பொய்.

மிஞ்சியது மென்பொருள் முறை. உள்ளே ஓடும் சாதாரண நிரல்களை விர்ச்சுவல்பாக்ஸ் நேரடியாக ப்ராசசரிடம் விட்டுவிடும். சிக்கல் கர்னலில்தான். வன்பொருளை ஆளும் ரிங் 0-வில் அதை விட முடியாது. ரிங் 1-க்குத் தள்ளி, அடம்பிடிக்கும் கட்டளைகளை ஒட்டுப்போட்டோ மொழிபெயர்த்தோ ஓட்ட வேண்டும். அதனால் கணக்குப் போடும் நிரல் வேகமாகவே ஓடும், கோப்புகளைத் திறந்து மூடும் வேலை திணறும். 32 பிட் மட்டும், மெய்நிகர் ப்ராசசரும் ஒன்றே ஒன்று. 64 பிட்டுக்காக க்யூஈமூவையும் முயன்றேன். அது ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்ப்பதால் டெஸ்க்டாப் வருவதற்குள் அவன் சாப்பிட்டுவிட்டே வந்துவிட்டான். கடைசியில் 32 பிட் டெபியன் 9-ஐ டெஸ்க்டாப் இல்லாமல் நிறுவித் தந்தேன். அதில்தான் ஷெல் கற்றுக்கொண்டான்.

VT-x உள்ள பழைய E6300, போர்டு ஏற்குமானால், அதே சாக்கெட்டில் உட்காரும். அவன் பணம் அதற்குத்தான் போயிருக்க வேண்டும்.

2019 டிசம்பரில் விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 பதிப்பு வந்தது. மென்பொருள் முறையையே அதில் எடுத்துவிட்டார்கள். புதுப்பித்ததும் டெபியன் எழவில்லை என்று கூப்பிட்டான். "போன பதிப்பு வரைக்கும் ஓடிச்சே, ஏன் அண்ணா?"

அப்போதுதான் அந்தப் பூஜ்யத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. "ரேம் வாங்கச் சொல்றதுக்கு முன்னாடியே பார்த்திருக்கலாமா?"

"பார்த்திருக்கணும்," என்றேன்.