“பைல் ஓபன் ஆகல்ல” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்

எங்கள் பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்குப் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து மாதாந்தம் ஒரு சிறு உதவித்தொகை கொடுக்கிறார்கள். விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் வேலை ஆசிரியர்களான எங்கள் மூன்று பேருடையது. சென்ற தவணையில் நாங்கள் விட்ட ஒரு பிழையை இங்கே எழுதுகிறோம். எங்கள் மாதிரி சங்கங்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் பாலர் பாடசாலைகளுக்கும் வட்ஸ்அப்பில் ஆவணம் வாங்குகிறவர்கள் இந்த ஊரில் நிறையப்பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கும் நடக்கலாம்.

ஒரு பிள்ளையின் வாப்பா கட்டாரில் சாரதியாக வேலை செய்கிறார். வருமானத்தைக் காட்ட வங்கிக் கூற்று ஒன்று கேட்டிருந்தோம். செவ்வாய் இரவே அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிதான் முடிவு நேரம், ஆகவே மனிதர் நேரத்தோடுதான் அனுப்பியிருந்தார். புதன் காலை போனில் தட்டிப் பார்த்தோம், திறக்கவில்லை. “நானா, பைல் ஓபன் ஆகல்ல” என்று எழுதினோம். பகல் சாப்பாட்டு நேரத்தில் திரும்ப அனுப்பினார். அதுவும் திறக்கவில்லை. “இதுவும் ஓபன் ஆகல்ல” என்றோம். இரவு மூன்றாம் தடவையும் அனுப்பினார். அதற்கு நாங்கள் பதிலே போடவில்லை, வியாழன் பார்ப்போம் என்று விட்டோம். வியாழன் பரீட்சைத் தாள் திருத்துவதில் போனது. வெள்ளி பட்டியலை மூடினோம். அந்தப் பிள்ளையின் பெயர் அதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோல் எடுத்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. “சேர், நான் மூணு தரம் அனுப்பினேனே. எனக்கு இங்க வடிவாத் தொறக்குதே. மூணாவது தரம் நீங்க ஒண்டும் சொல்லல்ல, சரி வந்துட்டுப் போல எண்டு நினைச்சேன்” என்றார்.

அன்று இரவுதான் அந்தக் கோப்பைப் போனை விட்டுக் கணினியில் போட்டுப் பார்த்தோம். குரோமில் திறந்ததும் “This document is password protected” என்று வந்தது. அதாவது கோப்பில் ஒரு குறையும் இல்லை, வங்கி அதைப் பூட்டி அனுப்பியிருக்கிறது. அவருக்குக் கடவுச்சொல் தெரியும், பழக்கத்தில் அடித்துத் திறந்துகொள்கிறார். அதனால் பூட்டு இருப்பதே அவருக்கு நினைவில் இல்லை. எங்கள் போனில் இருந்த செயலியோ கடவுச்சொல் கேட்கவே இல்லை, திறக்க முடியாது என்று மட்டும் சொன்னது. “ஓபன் ஆகல்ல” என்றதை அவர் நெட் கோளாறு என்று எடுத்துக்கொண்டு அதே கோப்பை மூன்று தடவை அனுப்பினார். பூட்டிய பெட்டியை முப்பது தடவை அனுப்பினாலும் பூட்டித்தானே வரும்.

ஒரு விஷயம் எங்கள் கண் முன்னாலேயே இருந்தது. மூன்று தடவையும் கோப்பின் பெயர் ஒன்று, அளவும் 184 KB. வழியில் உடைந்து வந்த கோப்பு மூன்று தடவையும் ஒரே அளவில் வருவது அரிது. அதைக் கவனித்திருந்தால் புதன்கிழமையே விளங்கியிருக்கும்.

பூட்டிய கோப்பும் உடைந்த கோப்பும் வெவ்வேறு நோய்கள். ஒன்றுக்குரிய மருந்து மற்றதற்கு உதவாது. ஆகவே அனுப்பியவருக்கு எழுத முன் எந்த நோய் என்று நாங்கள்தான் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

முதலில் கோப்பை முழுமையாக இறக்கிக்கொண்டு, கணினியில் குரோம் மூலம் திறந்து பாருங்கள். கடவுச்சொல் கேட்டால் பூட்டு. “Failed to load PDF document” என்று வந்தால் பெரும்பாலும் உடைவு. வேர்ட் கோப்பாக இருந்து “Word found unreadable content” என்று வந்தாலும் உடைவுதான். கோப்பின் அளவு 0 KB என்று காட்டினால் திறந்து பார்க்கவே தேவையில்லை, உள்ளே ஒன்றுமில்லை. பென் டிரைவில் கொப்பி ஆகி முடிய முன் இழுத்து எடுத்தால் இப்படி வருவதுண்டு.

பிடிஎப் உடைந்திருக்கிறதோ என்று சந்தேகம் இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. நோட்பேடில் அதைத் திறங்கள். விளங்காத எழுத்துக்கள்தான் வரும், பயப்பட வேண்டாம், சேமிக்காமல் மூடினால் சரி. நல்ல பிடிஎப் `%PDF` என்று தொடங்கும், கடைசியில் `%%EOF` என்று முடியும். தொடக்கம் இருந்து முடிவு இல்லையென்றால் பாதியில் அறுந்து வந்திருக்கிறது. `<!DOCTYPE html>` என்று தொடங்கினால் அது பிடிஎப்பே இல்லை, ஓர் இணையப் பக்கம் பிடிஎப் என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கிறது. தளத்துக்குள் நுழையாமல் இறக்கும்போது இப்படி நடக்கும்.

இனி, என்ன எழுதுவது? அந்த வாப்பாவுக்குப் புதன் காலை நாங்கள் எழுதியிருக்க வேண்டியது இது:

“நானா, நீங்கள் செவ்வாய் இரவு 9.40க்கு அனுப்பிய வங்கிக் கூற்று (184 KB) எங்களுக்குக் கிடைத்தது. அதில் கடவுச்சொல் பூட்டு இருப்பதால் எங்களால் வாசிக்க முடியவில்லை. அதே கோப்பைத் திரும்ப அனுப்ப வேண்டாம், அதுவும் பூட்டித்தான் வரும். கடவுச்சொல்லையும் எங்களுக்கு அனுப்ப வேண்டாம். நீங்கள் திறந்து பார்க்கும்போது பெயரும் கடைசி மூன்று மாதச் சம்பளமும் தெரியும் பக்கங்களை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வியாழன் இரவு எட்டு மணிக்கு முன் அனுப்புங்கள். அது வரும்வரை விண்ணப்பம் முழுமையாகவில்லை. கிடைத்ததும் ‘வாசித்தோம்’ என்று எழுதுவோம். அந்தச் சொல் வராவிட்டால் எங்களுக்குக் கோல் எடுங்கள்.”

இதில் ஒவ்வொரு வசனமும் ஒரு காரணத்துக்காக இருக்கிறது. கிடைத்த நேரத்தை எழுதினால், பிந்தி அனுப்பினார் என்ற பேச்சு பிறகு வராது. திரும்ப அனுப்ப வேண்டாம் என்று சொல்லாவிட்டால் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். விண்ணப்பம் முழுமையாகவில்லை என்பது கேட்கக் கடுமையாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், எங்கள் மௌனத்தை அவர் ‘சரி’ என்று எடுத்துக்கொண்டதால்தான் இவ்வளவும் நடந்தது.

கடவுச்சொல்லை ஏன் கேட்கக்கூடாது? வங்கிக் கூற்றுகளுக்கு அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி போன்றவை கடவுச்சொல்லாக இருப்பதுண்டு. அதை எங்கள் போனில் எழுதி வைக்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. குழுமத்தில் கேட்பது அதைவிட மோசம். பிடிஎப் பூட்டை உடைத்துத் தருகிறோம் என்று சொல்லும் இணையத்தளங்களில் அடுத்தவர் வங்கிக் கூற்றை ஏற்றுவதும் கூடாது. அது அவருடைய ரகசியத்தை முன்பின் தெரியாதவனிடம் கொடுப்பது.

ஸ்கிரீன்ஷொட் போதாது, முழுக் கோப்பும் வேண்டும் என்றால் பூட்டில்லாத பிரதியை அனுப்பியவரே எடுக்கலாம். கணினியில் குரோமில் கடவுச்சொல் அடித்துத் திறந்து, பிரிண்ட் கொடுத்து, பிரிண்டருக்குப் பதிலாக Save as PDF என்பதைத் தெரிந்தால் புதிய கோப்பு பூட்டில்லாமல் வரும். சில கோப்புகளில் பிரிண்ட் எடுக்கவும் தடை போட்டிருப்பார்கள், அப்போது ஸ்கிரீன்ஷொட் அல்லது கடதாசிப் பிரதிதான் வழி. வேர்ட் கோப்பு என்றால் `File > Info > Protect Document > Encrypt with Password` என்று போய், அங்குள்ள கடவுச்சொல்லை அழித்து OK கொடுத்து, கோப்பைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

அவரே கடவுச்சொல்லை மறந்திருந்தால் நாங்களோ அவரோ செய்ய ஒன்றுமில்லை. மூல இடத்தில், அதாவது வங்கியிலோ தயாரித்தவரிடமோ, புதிதாக வாங்கச் சொல்ல வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், ஆகவே தவணையும் கொடுக்க வேண்டும்.

உடைந்த கோப்புக்கு எழுதுவது வேறு. அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: “எங்களுக்கு அனுப்பிய அதே செட்டுக்குள் போய், அந்தக் கோப்பைத் தட்டிப் பாருங்கள், உங்களுக்குத் திறக்கிறதா?” கணினியில் இருக்கும் மூலத்தைத் திறந்து பார்த்துவிட்டு “எனக்குச் சரி” என்பார்கள். அனுப்பிய பிரதிதான் முக்கியம். அங்கே திறந்தால் கோளாறு எங்கள் பக்கம் அல்லது வழியில், நாங்கள் அழித்துவிட்டு மீண்டும் இறக்க வேண்டும். அங்கேயும் திறக்காவிட்டால் புறப்படும்போதே உடைந்திருக்கிறது. அப்போது இப்படி எழுதலாம்:

“டீச்சர், தரம் 10 வினாத்தாள் கோப்பு 0 KB ஆக வந்திருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. வந்த செய்தியை போர்வர்ட் பண்ண வேண்டாம், அதே வெற்றுக் கோப்புத்தான் வரும். உங்கள் கணினியில் மூலத்தைத் திறந்து, பிடிஎப் ஆக ஒரு புதுப் பெயரில் சேமித்து, அதை இணையுங்கள். எத்தனை பக்கம் என்றும் எழுதுங்கள், எண்ணிப் பார்த்துக்கொள்கிறோம்.”

புதுப் பெயர் கேட்பதற்குக் காரணம், பழையதும் புதியதும் ஒரே பெயரில் இருந்தால் நாங்களே பழையதைத் திறந்துவிட்டு மறுபடி குறை சொல்வோம். பக்க எண்ணிக்கை கேட்பது, சில கோப்புகள் திறந்தும் கடைசிப் பக்கங்கள் இல்லாமல் வருவதால்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அறிமுகமில்லாத ஒருவர் பூட்டிய ஸிப் கோப்பு அனுப்பி, கடவுச்சொல்லையும் அதே செய்தியில் தந்தால் திறக்க வேண்டாம். பூட்டிய ஸிப்புக்குள் வைரஸ் சோதனை பொதுவாக எட்டாது, அதற்காகவே பூட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். யார், என்ன கோப்பு என்று முதலில் குரலில் கேளுங்கள்.

அந்தப் பிள்ளையின் விஷயத்துக்கு வருகிறோம். திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் வீட்டுக்குப் போய் உம்மாவிடம் பிழை எங்களுடையது என்று சொன்னோம். கொடுப்பவர்களிடமும் செவ்வாய் இரவுச் செய்தியைக் காட்டி அதையே சொன்னோம். இரண்டாம் மாதத்திலிருந்து பெயரைச் சேர்த்தார்கள். முதல் மாதக் காசு ஏற்கனவே பங்கிடப்பட்டுவிட்டது, அது அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. இரசாயனவியல் வகுப்புக் கட்டணத்தை அந்த மாதம் உம்மா கடன் வாங்கிக் கட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

மேலே உள்ள இரண்டு செய்திகளையும் எங்கள் மூன்று பேரின் போனிலும் சேமித்து வைத்திருக்கிறோம். நேரத்தையும் பெயரையும் மாற்றினால் போதும். உங்களுக்கும் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.